சைட்டா, பி.எம். சீட்டா, எம்.டெக்கா? டெல்டா பக்கத்து சிவில் பசங்க கேட்டதுக்கு பதில்

பாலம் வேலை பத்தி பேசினாலே இன்பாக்ஸ்ல கேள்வி வந்து குமியுது. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்து அஞ்சாக்கி எழுதறேன். மொத கேள்விக்கு பதில் நீளமா போயிடுச்சு, பொறுத்துக்குங்க.

பி.இ. முடிச்சு ரெண்டு வருஷமா கும்பகோணம் பக்கம் பாலம் வேலைல சைட் இன்ஜினியர். மண்ணுக்குள்ள துளை போட்டு கான்கிரீட் ஊத்தற பைல் வேலைதான், பகல்லயும் பைல், ராத்திரியும் பைல். பி.எம்., அதாவது ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகறதுக்கு இன்னும் எத்தன வருஷம், தனியா ஏதாவது படிக்கணுமா அண்ணா?

வருஷத்த விடுங்க தம்பி. நீங்க நிக்கிற அதே பைல்ல பணமும் நாளும் எங்க போவுதுன்னு பாக்க ஆரம்பிச்சீங்களான்னு மட்டும் சொல்லுங்க, அங்கதான் பாதை பிரியுது.

ஒரு மீட்டர் விட்டம், 24 மீட்டர் ஆழம்னு ஒரு பைல் வச்சுக்குவோம். கணக்குப்படி கிட்டத்தட்ட 18.85 கன மீட்டர் கான்கிரீட். ஒரு வண்டி ஆறு கன மீட்டர் எறக்கினா துளைக்குள்ள மட்டம் 7.6 மீட்டர் ஏறணும். ஒவ்வொரு வண்டி முடிஞ்சதும் டேப்ல குண்டு கட்டி எறக்கி பாத்தீங்கன்னா தெரிஞ்சுடும். 5.5 மீட்டர்தான் ஏறிச்சுன்னா அந்த ஆழத்துல மணல் சரிஞ்சு துளை அகண்டுடுச்சுன்னு அர்த்தம், சராசரி விட்டம் 1.18 மீட்டர் வரைக்கும் போயிருக்கும். ஒம்போது மீட்டர் ஏறிச்சுன்னா நெலம வேற, பக்கச் சுவர் உள்ள வந்து பைல் கழுத்து மாதிரி சுருங்கியிருக்கும், அது பயப்பட வேண்டிய விஷயம், அப்பவே மேல சொல்லிடணும். இதுவரைக்கும் நல்ல சைட் இன்ஜினியர் எல்லாரும் செய்யறதுதான்.

இப்ப அதே நோட்டுல அடுத்த பக்கத்த பாருங்க. 32 பைல்ல சராசரியா 21.5 கன மீட்டர் போவுதுன்னு வைங்க, ஒரு பைலுக்கு 2.65 கூடுதல், மொத்தம் கிட்டத்தட்ட 85 கன மீட்டர். கன மீட்டர் 6,500 ரூபான்னா அஞ்சரை லட்சம். உங்க ஒப்பந்தத்துல பைலுக்கு மீட்டர் கணக்குல பணம்னா இந்த அஞ்சரை லட்சம் முழுக்க கம்பெனி கையிலேர்ந்து போறது. எந்த ஆழத்துல போவுதுன்னு உங்க டேப் கணக்கு காட்டிடும். 8லேர்ந்து 11 மீட்டர் வரைக்கும் மணல் படுகைலதான் விழுங்குதுன்னா துளை சரியாம தாங்கற கேசிங் குழாய இன்னும் மூணு மீட்டர் எறக்கினா என்ன செலவு, பென்டோனைட் கரைசல சரி பண்ணினா என்ன செலவுன்னு ஒரு பக்கத்துல எழுதி பி.எம். மேசைல வைங்க. என் அனுபவத்துல, இப்படி ஒரு பக்கம் எழுதற பையனத்தான் அடுத்த வேலைக்கு பிளானிங்ல கூப்பிடுவாங்க, கத்தி வேலை வாங்கற பையன இல்ல.

நாள் கணக்கு இத விட முக்கியம், அதுவும் நம்ம ஊர்ல. வழக்கமா மேட்டூர ஜூன் 12ல தெறந்து ஜனவரி 28ல மூடுவாங்க. ஆத்துக்குள்ள அஸ்திவாரம் எடுக்கணும்னா நடுவுல இருக்கற நாலரை மாசந்தான் நமக்கு. பிப்ரவரி 1 அன்னைக்கு எடம் கைக்கு வருது, துளை போட ஒரு ரிக், ரெண்டு நாளைக்கு ஒரு பைல்னா 32 பைலும் ஏப்ரல் 6 வாக்குல முடியும், பைல் கேப்பும் தூணும் தண்ணி மட்டத்துக்கு மேல வர ஒரு 45 நாள், மே 21. நிம்மதி. ஆனா ஆக்கிரமிப்பு எடுக்கல, கரண்ட் கம்பம் மாத்தலன்னு மார்ச் 10லதான் எடம் குடுத்தாங்கன்னு வைங்க, அதே வேகத்துல ஜூன் 27 ஆயிடும், தண்ணி வந்துடும். ரெண்டாவது ரிக் கொண்டாந்தா மே 26ல முடிக்கலாம். அதுலயும் பாருங்க, 2022ல மே 24லயே மேட்டூர தெறந்துட்டாங்க, அந்த வருஷமா இருந்தா ரெண்டு ரிக் போட்டும் நீங்க முடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அணைய தெறந்திருப்பாங்க.

அந்த ரெண்டாவது ரிக் வாடகைய யாரு குடுக்கறது? இங்கதான் சைட் ஆளுக்கும் பி.எம்.முக்கும் வித்தியாசம். எடம் லேட்டா வந்தத, தடங்கல எழுதி வைக்கற ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டர்ல தேதியோட ஏத்தி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, ஒப்பந்தத்துல சொன்ன கெடுவுக்குள்ள லெட்டர் போட்டிருந்தா கூடுதல் நாளாவது கேக்கலாம், பணம் கெடைக்குமாங்கறது ஒப்பந்த ஷரத்த பொறுத்தது. வெளிநாட்டு நிதில நடக்கற பல வேலைக்கு ஃபிடிக்ங்கற சர்வதேச மாதிரி ஒப்பந்தம் போடுவாங்க, 1999 சிவப்பு புத்தகத்துல நோட்டீஸுக்கு 28 நாள்தான் கெடு. அத தாண்டிட்டா நியாயம் உங்க பக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. வாய்ல சொன்னேன், வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன்னு சொல்றவங்கதான் கடைசில தாமத அபராதம் கட்டறாங்க.

அதனால தனியா எதும் படிக்க வேணாம், இப்ப இருக்கற வேலைலயே மூணு மாசம் பில்லிங்ல போடுங்கன்னு கேளுங்க. அளவெடுத்து எம்-புக் எழுதறது, முடிஞ்ச வேலைக்கு அப்பப்ப ஆர்.ஏ. பில் போடறது, கம்பி பட்டியல சரிபாக்கறது. போரடிக்கும். ஆனா நாலு வருஷம் சைட்ல மட்டும் நின்னவர விட, ரெண்டு வருஷம் சைட், ஒரு வருஷம் பில்லிங், ஒரு வருஷம் பிளானிங்னு போனவர்தான் பி.எம். நாற்காலிக்கு கிட்ட இருக்காரு.

கேட் பரீட்சை எழுதி திருச்சி என்.ஐ.டி. மாதிரி எடத்துல ஜியோடெக், அதாவது மண் பொறியியல் எம்.டெக் கெடைக்கும் போல இருக்கு. இப்ப 28,000 சம்பளம். விட்டுட்டு போலாமா?

கணக்கு போட்டு பாத்துடுவோம். ரெண்டு வருஷ சம்பளம் 6.72 லட்சம் போச்சு. கேட் ஸ்கோரோட சேந்தா மாசம் 12,400 உதவித்தொகை, 24 மாசத்துக்கு 2.98 லட்சம் வரும். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்து ரெண்டரை லட்சம்னு வைங்க. நிகர செலவு ஆறேகால் லட்சம். படிக்காம இருந்தா ரெண்டு வருஷத்துல 34,000 வாங்குவீங்க, படிச்சுட்டு வந்தா 45,000ன்னா வருஷத்துக்கு 1.32 லட்சம் வித்தியாசம், அஞ்சு வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும். படிச்சுட்டு வந்து 37,000க்கு மறுபடியும் அதே சைட்ல நின்னா பதினேழு வருஷம் ஆகும்! அதாவது திரும்பி எந்த நாற்காலிக்கு வரீங்கங்கறதுதான் கணக்க மாத்துது.

ஜியோடெக்குக்கு நம்ம டெல்டாவுல வேலை இருக்கு, அது நெஜம். நாகப்பட்டினம் பக்கம் களிமண் மேல ஆறு மீட்டர் மண் கொட்டி ரோடு போட்டா அது வருஷக்கணக்கா அமுங்கும். களிக்குள்ள இருக்கற தண்ணி வெளிய போக எவ்வளவு தூரமோ அதோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல நேரம் எடுக்கும், பாதை பாதியானா நேரம் கால்வாசி. அதனாலதான் ஒண்ணு ஒண்ணரை மீட்டர் இடைவெளில பட்டை வடிகால் எறக்கி, மேல கூடுதல் மண் ஏத்தி, வருஷத்த மாசமா சுருக்கறாங்க. எந்த இடைவெளி, எவ்வளவு மண், எப்ப நிறுத்தலாம்னு முடிவு பண்ண பி.இ. பாடம் பத்தாது, சைட்ல பத்து வருஷம் நின்னாலும் தானா வராது. எம்.டெக் காசு குடுக்கறது இந்த மாதிரி எடத்துலதான்.

2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் மதகு ஒம்போது அடிச்சுட்டு போச்சே, அந்த மாதிரி பழைய கட்டுமானத்துக்கு அடியில என்ன நடக்குதுன்னு சொல்றதுக்கும் மண்ணும் நீரியலும் படிச்ச ஆளுதான் வேணும். அது போக கன்சல்டன்சி டெண்டர்ல பாலம், மண் நிபுணருக்கு பி.ஜி. இருந்தா கூடுதல் மார்க்னு பல எடத்துல போட்டிருப்பாங்க, அங்க டிகிரி நேரா விலை பேசும்.

ஒண்ணே ஒண்ணு, உங்க ரெண்டு வருஷ பைல் அனுபவத்த வேஸ்ட்னு நெனச்சுக்காதீங்க. மண் பரிசோதனை போர் லாக்ல 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உசரத்துலேர்ந்து விழுந்து இத்தன அடின்னு எழுதியிருக்கும், அங்க கயித்த இழுக்கற ஆளு மத்தியானத்துக்கு மேல அம்பது சென்டிமீட்டர்தான் தூக்குறாருன்னு நேர்ல பாத்தவனுக்குத்தான் அந்த நம்பர எவ்வளவு நம்பலாம்னு தெரியும்.

வீட்டுப்பக்கத்து காலேஜ்ல எம்.இ. ஸ்ட்ரக்சுரல், கேட் எதுவும் வேணாம் நேரா சேரலாம்னு சொல்றாங்க. போலாமா?

உதவித்தொகை கெடைக்காது, மேல போட்ட கணக்குல அந்த மூணு லட்சத்த அடிச்சுடுங்க. போன ரெண்டு பேட்ச் பசங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க, டிசைன் ஆபீஸ்ல நாலு பேராவது இருந்தா யோசிக்கலாம். பாதிப்பேரு சைட்ல, மீதிப்பேரு அதே காலேஜ்ல வாத்தியாருன்னா வேணாம். ஈடேப்ஸ் சாஃப்ட்வேர் கத்துக்கறதுக்காக ரெண்டு வருஷம் போடாதீங்க.

திருவாரூர் பக்கம் ஹைவே வேலைல கியூ.சி. லேப்ல இருக்கேன். பொம்பளப் புள்ளைன்னு சைட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க. லேப்லயே இருந்தா பி.எம். ஆக முடியுமா சார்?

முடியும்மா, ஆனா லேப் கதவ தாண்டணும். ராத்திரி ஷிஃப்ட் குடுக்கலன்னா பகல் கான்கிரீட் எல்லாத்துக்கும் ஸ்லம்ப் பாக்க நானே போறேன்னு எழுதிக் கேளுங்க, வாய்ல கேக்காதீங்க. உங்க கையில இருக்கற சரக்கு என்னன்னு பாருங்க. பத்தொம்போது கன மீட்டர் ஊத்தினா ஐ.எஸ். 456 படி மூணு சாம்பிள், சாம்பிளுக்கு மூணு க்யூப், 28 நாள் கழிச்சு உடைக்கறீங்க. ஏழு நாள் க்யூபும் சேத்து போட்டு வச்சீங்கன்னா மொத வாரத்துலயே சந்தேகம் வந்துடும், 28 நாள்ல வர வேண்டிய பலத்துல மூணுல ரெண்டு பங்குக்கு ரொம்ப கீழ இருந்தா அடுத்த ஊத்து ஊத்தறதுக்கு முன்னாடி நிறுத்தி கேக்கறது நீங்கதான். எந்த பேட்ச் எந்த தூணுல போச்சுன்னு எடத்தோட சேத்து ஒரு ஷீட் வச்சிருந்தா பில்லிங் ஆளுங்க உங்கள தேடி வருவாங்க, ஏன்னா க்யூப் ரிசல்ட் இல்லாம பில்லு நகராது. லேப், அப்புறம் பில்லிங், அப்புறம் பிளானிங், இது சைட் வழிய விட மெதுவான வழின்னு எனக்கு தோணல.

ஒம்போது வருஷ அனுபவம், கார்டுல பி.எம்.னு போட்டிருக்கு. பி.எம்.பி. சர்டிஃபிகேட் எடுக்கலாமா, எம்.டெக் கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட்டா?

ஒம்போது வருஷத்துக்கப்புறம் ரெண்டு வருஷம் வேலைய விட்டுட்டு மேனேஜ்மென்ட் படிக்கறது வேண்டாத வேலை சார், அந்த பாடத்துல பாதி நீங்க தெனம் செய்யறது. பி.எம்.பி.க்கு நாலு வருஷ டிகிரி இருந்தா 36 மாசம் ப்ராஜெக்ட் நடத்தின அனுபவமும் 35 மணி நேர பயிற்சியும் போதும், வேலை பாத்துக்கிட்டே எழுதலாம், வளைகுடா வேலைக்கு ரெஸ்யூம்ல கண்ணுல படும். உள்ளூர் கான்ட்ராக்டர்கிட்ட அதுக்காக சம்பளம் ஏறாது. கார்டுல பி.எம்.னு இருக்கு சரி, போன வேலைல எத்தன நாள் கூடுதலா கேட்டு வாங்கினீங்க, கடைசி பில் எப்ப செட்டில் ஆச்சு, இந்த ரெண்டையும்தான் இன்டர்வியூல கேப்பாங்க, அதுக்கு பேப்பரோட பதில் வச்சுக்குங்க. பிரைமவேரா சாஃப்ட்வேர்ல ஷெட்யூல நீங்களே அப்டேட் பண்ண தெரியலன்னா சர்டிஃபிகேட்டுக்கு முன்னாடி அத கத்துக்குங்க, பிளானிங் பையன் லீவு போட்ட அன்னைக்கு கிளையன்ட் மீட்டிங் வந்தா முழிக்க வேண்டியிருக்கும்.