கிளை மனேஜர்மாருக்கு மேலே புதிதாக ஒருவர் வருகிறார்: ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கட்டடப் பொருள் வியாபாரம் செய்கிறோம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் தலைமை அலுவலகம், சுன்னாகம், சாவகச்சேரி, கிளிநொச்சியில் கிளைகள், எல்லாமாக 46 பேர். இதுவரை கிளை மனேஜர்மார் மூவரும் நேரே என்னிடம்தான் வருவார்கள். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் செயற்பாட்டு மனேஜரிடம் அவர்கள் பொறுப்புச் சொல்ல வேண்டும். கிளைக் காசாளர்களும் கணக்கு எழுதுபவர்களும் தலைமை அலுவலகக் கணக்காளரின் கீழ் வருவார்கள். யாரையும் நிற்பாட்டவில்லை. ஆனால் கிளிநொச்சிக் கிளையைப் பூட்டப்போகிறோம் என்று இப்பவே கதை. நோட்டீஸ் போட்டில் ஒட்டினால் போதும் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

பதில்: நோட்டீஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அது கடைசியாகப் போக வேண்டியது. அதற்கு முதல் சிலரிடம் முகம் பார்த்துக் கதைக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கதைகளின் ஒழுங்கிலும் அவற்றுக்கு இடையே விடுகிற நேரத்திலும்தான் முழு விடயமும் இருக்கிறது.

கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947 இல் சொன்னது இன்றைக்கும் அலுவலகங்களுக்குப் பொருந்தும்: ஒரு விடயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்பதையும் பெருக்கினால் வருவதுதான் வதந்தியின் பலம். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். வேலை, சம்பளம், பிள்ளையின் ரியூசன் காசு என்பவற்றின் முக்கியத்துவத்தை நீங்கள் குறைக்க முடியாது. தெளிவின்மையை மட்டும்தான் குறைக்கலாம், அதற்கு வாயைத் திறப்பதற்கு முதல் உங்களுக்கே எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஒரு தாளில். அம்புக்குறி போட்ட படம் வரையாதீர்கள், அதில் ஊழியர் தேடுகிற எதுவும் இராது. கிளிநொச்சிக் காசாளர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவருக்கு வரக்கூடிய சில்லறைக் கேள்விகளை எழுதுங்கள். ஒன்றாம் திகதியிலிருந்து லீவு யாரிடம் கேட்பது? காலையில் காய்ச்சல் என்றால் யாருக்குப் போன் எடுப்பது? ஓவர்டைமில் யார் கையெழுத்துப் போடுவார்? சில்லறைக் காசுப் பெட்டித் திறப்பு யாரிடம்? வருடக் கடைசியில் போனசுக்கு என்னைப் பற்றி எழுதப்போவது யார்? கிளை மனேஜர் ஒன்று சொல்லிக் கணக்காளர் வேறொன்று சொன்னால் யார் சொல்வது செல்லும்? கடைசிக் கேள்வியில்தான் அநேகமான மாற்றங்கள் சிக்கிக்கொள்கின்றன. உங்கள் விடயத்தில் நான் எழுதக்கூடிய விடை இது: வேலை நேரம், கடைக்குள் ஒழுங்கு, வாடிக்கையாளர், திடீர் லீவு எல்லாம் கிளை மனேஜரிடம், அவர்தான் நேரில் நிற்கிறார். காசு, பற்றுச்சீட்டு, கடன் கணக்கு, மாதமுடிவு, வருட மதிப்பீடு எல்லாம் கணக்காளரிடம். முன்கூட்டித் தெரிந்த லீவு கணக்காளரிடம், மனேஜருக்கு அறிவித்துவிட்டு. உங்கள் விடை வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு விடை இருக்க வேண்டும். இந்தத் தாளை நிரப்ப முடியாவிட்டால் அறிவிப்பை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள்.

இந்த மாற்றத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. காசு தொடுகிறவர்களை மட்டும் கிளையிலிருந்து பிரித்து மேலே எடுக்கும்போது, மூன்று கிளையிலும் முதல் வருகிற கதை “ஆரோ காசு அடிச்சுப் பிடிபட்டிட்டினமாம்” என்பதாகத்தான் இருக்கும். பிறகு மூன்று மனேஜர்மாரும் மூன்று காசாளர்களும் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கதைக்கு இடம் விட்டதாகிவிடும். விற்பவரும் காசை எண்ணிக் கணக்கு வைப்பவரும் ஒரே ஆளின் கீழ் இருக்கக் கூடாது என்பது எந்தக் கணக்காய்வாளரும் சொல்கிற பொதுவான ஒழுங்கு, அது மூன்று கிளைக்கும் ஒரேநாளில் வருகிறது, எவர் மீதும் எந்த முறைப்பாடும் இல்லை என்பதை அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். உண்மையில் ஒரு முறைப்பாடு இருந்தால் அதைத் தனியாக விசாரித்து முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குற்றமில்லாத ஐந்து பேர் சேர்ந்து சுமப்பார்கள்.

அப்புறம், சொல்லும் ஒழுங்கு. இழப்பு யாருக்கோ அவருக்குத்தான் முதலில். உங்கள் மனேஜர்மார் மூவரும் முதலாளியிடம் நேரே போகும் வழியை இழக்கிறார்கள். சம்பளம் குறையாவிட்டாலும், “நான் சேரோட நேர கதைச்சிட்டு வாறன்” என்று சொல்லும் மதிப்பு குறைகிறது, அதை நீங்களே வாய்விட்டுச் சொல்வதுதான் மனிதத்தன்மை. “உங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை, வழமை போலத்தான்” என்று மழுப்பினால், அவர்களுக்கும் விளங்கும், உங்கள் மற்றச் சொற்களையும் நம்ப மாட்டார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம், மூவரையும் தனித்தனியாக, ஒரே நாளில் சந்தியுங்கள். கிளிநொச்சி மனேஜரை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே அந்தக் கிளையைப் பற்றித்தான் கதை என்னும்போது, அவர் வேலைநாளில் பஸ் ஏறினாலே மிச்சத்தைக் கடைப் பெடியள் கதைத்து முடித்துவிடுவார்கள். நீங்கள் போங்கள். வழமையாகச் சரக்குப் பார்க்கப் போகிற மாதிரிப் போய், கடை பூட்டிய பிறகு இருந்து கதையுங்கள். முதல் இரண்டு நிமிடத்திலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரித்து, பழைய காலம் கதைத்து, கால் மணித்தியாலம் கழித்துச் சொன்னால் அந்தக் கால் மணித்தியாலமும் அவருக்கு வேதனை. உதாரணமாக: “ஒன்றாம் திகதியிலிருந்து நீங்கள் செயற்பாட்டு மனேஜரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பதவி, சம்பளம், கிளை ஒன்றும் மாறாது. என்னிடம் நேரே வருவது குறையும், அது உங்களுக்குச் சின்ன விடயம் இல்லை என்று எனக்குத் தெரியும். சீமெந்து ஓடர்கள் என்னுடைய கையெழுத்துக்காக நாள்கணக்கில் நிற்கின்றன, அதற்குத்தான் இது.” அதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். அவர் கோபப்படலாம், மௌனமாக இருக்கலாம். உடனே சம்மதம் சொல்லும்படி நெருக்க வேண்டாம். அந்தப் புதியவர் வயதில் இளையவர் என்றால், எப்படிக் கூப்பிடுவது, யார் யாரைத் தேடி வருவது என்பதுகூடக் கிளை மனேஜருக்குப் பெரிய விடயம். முதல் சந்திப்புக்கு இளையவர் கிளைக்குப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்க முதல், காசாளர்களுக்கும் கணக்கு எழுதுபவர்களுக்கும். உடனடியாக அதன் பின்னால், அரை மணித்தியால இடைவெளிகூட இல்லாமல், மூன்று கிளையிலும் தலைமை அலுவலகத்திலும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும். நீங்கள் கிளிநொச்சியில் நில்லுங்கள், கதை அங்கேதான் உலாவுகிறது. மற்றக் கிளைகளில் கிளை மனேஜர் வாசிக்கட்டும், புதியவர் தன்னைத் தானே அறிவிக்கக் கூடாது. லொறிச் சாரதிமாரும் ஏற்றி இறக்குபவர்களும் அந்த நேரம் வெளியில் இருந்தால் அவர்களுக்குப் போன் எடுங்கள். அவர்களை விட்டுவிட்டால் சந்திக்குச் சந்தி அவர்களிடம்தான் கேட்பார்கள். வட்ஸ்அப் குழுவில் முதலில் போடாதீர்கள். கதைத்து முடிந்த அந்த நிமிடத்தில் அதே வாசகத்தைப் போடுங்கள், போட்டிலும் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிவித்தால் சனி, ஞாயிறு முழுக்கக் கேள்வியோடு இருப்பார்கள், பதில் சொல்ல ஆள் இராது. நல்லூர்த் திருவிழாக் காலமும் வேண்டாம், பாதிப் பேர் லீவில் நிற்பார்கள்.

வாசகம் ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். இப்படி எழுதலாம்:

> ஒன்றாம் திகதி தொடக்கம் கிளை மனேஜர்மார் மூவரும் செயற்பாட்டு மனேஜருக்குப் பொறுப்புச் சொல்வார்கள். கிளைக் காசாளர்களும் கணக்கு எழுதுபவர்களும் தலைமைக் கணக்காளருக்குப் பொறுப்புச் சொல்வார்கள். ஓடர்கள் தாமதிப்பதும் மாதமுடிவுக் கணக்குப் பிந்துவதும், விற்பவரும் காசை எண்ணிக் கணக்கு வைப்பவரும் ஒரே ஆளின் கீழ் இருக்கக் கூடாது என்ற பொதுவான ஒழுங்கும் காரணம். எவர் மீதும் முறைப்பாடு இல்லை.
>
> மாறாதவை: உங்கள் சம்பளம், பதவி, வேலை செய்யும் இடம், வேலையில் சேர்ந்த திகதி, ஊழியர் சேமலாப நிதி இலக்கம்.
>
> கிளிநொச்சிக் கிளையை மூடும் திட்டம் இல்லை.
>
> இன்னும் முடிவாகாதது: கிளைகளுக்கிடையே ஸ்டோர் பொருள் மாற்றுவதற்கு யார் அனுமதி தருவது என்பது. இந்த மாதம் 25 ஆம் திகதிக்கு முதல் சொல்வோம்.

“சேர்ந்த திகதி” என்ற வரியைச் சும்மா போடவில்லை. ஐந்து வருடம் முடித்த ஊழியருக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். பழைய ஊழியர்கள் “மாற்றம்” என்று கேட்டதும் உள்ளூரப் பயப்படுவது இதற்குத்தான், தங்கள் வருடங்கள் அறுந்துவிடுமோ என்று. இங்கே உங்களிடம் ஒரு கேள்வி: மூன்று கிளையும் ஒரே கம்பனிப் பெயரிலா பதிவு? குடும்ப வியாபாரங்களில் அப்பா பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று இருப்பது வழக்கம். ஊழியர் ஒரு பதிவிலிருந்து மற்றதற்குப் போவதாக இருந்தால் இது வெறும் பொறுப்பு மாற்றம் இல்லை, அந்த வரியை எழுத முதல் வழக்கறிஞரைப் பாருங்கள். சம்பளத்தையோ வேலை இடத்தையோ மாற்றுவதாக இருந்தாலும் அப்படித்தான்.

“யாரையும் ஒருபோதும் நிற்பாட்ட மாட்டோம்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இந்த மாற்றத்தால் யாருடைய வேலையும் போகாது என்று சொல்லலாம், அது உண்மை. யாராவது சட்டத்தைப் பற்றிக் கேட்டால் அதையும் நேரே சொல்லுங்கள்: 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, கடந்த 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. முதலாளியே இதைச் சொன்னால் கதைக்குப் பாதிப் பலம் போய்விடும்.

ஒன்றாம் திகதிக்குப் பிறகு அநேகமாகக் குழப்புவது நீங்களாகத்தான் இருப்பீர்கள். கிளிநொச்சி மனேஜர் பழக்கத்தில் உங்களுக்குப் போன் எடுப்பார், நீங்களும் அன்பில் அந்த ஓடருக்குச் சரி சொல்லிவிடுவீர்கள், அன்றோடு புதியவரின் சொல் செல்லாது. “அவரிட்டைக் கேளுங்கோ, அவர் சொல்றதுதான்” என்று சொல்லி வையுங்கள். சம்பளம், அவமதிப்பு, வீட்டுப் பிரச்சினை என்றால் மட்டும் உங்கள் கதவு திறந்திருக்கும் என்று முன்பே பிரித்துச் சொல்லிவிட்டால் அது முகத்தில் அடித்த மாதிரி இராது.

கதை அடங்கியதா என்று கண்டுபிடிக்க யாரையும் ஒற்றுப் பார்க்க வேண்டாம். ஒரே லீவுக் கடிதம் இரண்டு பேரிடம் வருகிறதா, சேவைக் கடிதம் கேட்பவர்கள் திடீரெனக் கூடுகிறார்களா, சாவகச்சேரியில் கேட்ட அதே கேள்வி சுன்னாகத்திலும் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்தில் வந்த கேள்வி என்றால் உங்கள் வாசகத்தில் ஓட்டை இருக்கிறது. கேட்டவர் பெயரைச் சொல்லாமல், கேள்வியையும் பதிலையும் அதே போட்டில், திகதி போட்டு, உங்கள் கையெழுத்தோடு ஒட்டுங்கள். இரண்டாம் கிழமை முடிவில் ஒவ்வொரு கிளைக்கும் ஒருமுறை போய் அரை மணித்தியாலம் இருங்கள். முடிவாகாதது என்று எழுதியதற்கு 25 ஆம் திகதி விடை இல்லாவிட்டால், “இன்னும் இல்லை, அடுத்த திங்கள் சொல்கிறேன்” என்றாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.