நினைவூட்டல் மெயில்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

செவ்வாய் காலை 10 மணிதான் நல்ல நேரம் என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?

கிழமை ஓரளவு சரி. திங்கள் காலையில் விடுமுறையில் சேர்ந்ததெல்லாம் குவிந்து கிடக்கும். வெள்ளி மதியத்துக்குமேல் வருவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் 10 மணியில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மெயில் மேலே இருக்க வேண்டுமானால், பதில் தர வேண்டியவர் இன்பாக்ஸைத் திறப்பதற்குச் சற்று முன் வந்திருக்க வேண்டும். இடையில் வருகிற ஒவ்வொரு மெயிலும் அதை ஒரு வரி கீழே தள்ளும். செய்திமடல், தானியங்கி அறிக்கை போன்றவற்றைப் பெரும்பாலும் முழு மணிக்கே வைப்பார்கள். அதனால் 9:00-க்கு அனுப்பினால் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். 9:07-க்கு அனுப்பினால் அதற்கு மேலே நிற்கும்.

அவர் எப்போது திறக்கிறார் என்று காட்டும் மென்பொருள் வைத்திருக்கிறேன். இரவு 2 மணி என்கிறது. அப்போதே அனுப்பிவிடவா?

வேண்டாம். அந்த மென்பொருள் மெயிலுக்குள் ஒரு சிறு படத்தை ஒளித்துவைத்து, அது எப்போது இறங்குகிறது என்று பார்க்கிறது. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, ஆள் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும். நீங்கள் பார்த்த 2 மணி அதுவாகவே இருக்கலாம். அவர் உங்களுக்கு இதுவரை எழுதிய பதில்களின் நேரத்தைப் பாருங்கள். அது அவரே கைப்பட எழுதிய நேரம்.

எனக்கு வியாழன் நேர்காணல் நடந்தது. அடுத்த வெள்ளிக்குள் சொல்வோம் என்றார்கள். அந்த வெள்ளி மாலையே ஒரு வரி கேட்கட்டுமா? நேர்காணல் செய்தவரிடமிருந்து இதுவரை ஐந்து மெயில் வந்திருக்கிறது.

சொன்ன நாள் முழுவதும் அவர்களுடையது, வெள்ளியை விட்டுவிடுங்கள். திங்களின் குவியலும் வேண்டாம், செவ்வாய் அனுப்புங்கள். அந்த ஐந்து மெயிலின் நேரத்தையும் இங்கே போடுங்களேன்.

9:12, 9:21, 9:08, மாலை 4:40, 9:17.

நான்கு ஒரே இடத்தில் விழுகின்றன. 9:08-க்குப் பதில் போயிருக்கிறது என்றால் அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். செவ்வாய் 8:55 என்று வையுங்கள். விடியற்காலை 6 மணிக்கு அனுப்பிவிடாதீர்கள். படுக்கையில் போனில் பார்த்துவிட்டால் அது படித்த மெயிலாகிவிடும். மேசைக்கு வரும்போது கண்ணில் படாது. 8:55 தவறினால் மாலை 4:30-ஐப் பாருங்கள், ஆனால் அதற்கு ஆதாரம் ஒரே ஒரு மெயில்தான்.

அலுவலகத்தில் மெயில் சர்வர் பார்ப்பவள் நான். நேரத்தைவிட, பழைய இழையிலேயே பதிலாகப் போடுவது முக்கியமில்லையா? தலைப்பை மாற்றினால் ஜிமெயிலில் இழை அறுந்துவிடும். அவுட்லுக் அதை முக்கியமில்லாதது என்று Other பக்கம் ஒதுக்கிவிட்டால் எந்த மணிக்கு அனுப்பியும் பயனில்லை.

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதே இழையில் பதில் போட்டால், பழைய உரையாடலும் சேர்ந்து மேலே ஏறும். அவர் எதையும் தேட வேண்டாம். Other சிக்கலை அனுப்புகிறவரால் தீர்க்க முடியாது. முன்பு பதில் எழுதியவர் என்றால் அந்தப் பயம் குறைவு.

3,000 வாடிக்கையாளர்களுக்குச் சலுகை மெயில் அனுப்ப எது நல்ல நேரம்?

இங்கே பேசுவது ஒருவரிடம் பதில் கேட்கும் மெயில். 3,000 பேருக்கு 3,000 வழக்கம். பட்டியலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வேறு வேறு நேரத்தில் அனுப்பி, யார் பதில் எழுதுகிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

அவர் வேறு நாட்டில் இருக்கிறார். எந்த நேர மண்டலம் என்றுகூடத் தெரியாது.

ஜிமெயிலில் அவருடைய பழைய மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி Show original பாருங்கள். இப்படி ஒரு வரி இருக்கும்:

```
Date: Tue, 14 May 2024 09:06:41 +0200
```

கடைசியில் உள்ளது உலகப் பொது நேரத்திலிருந்து அவர் எத்தனை மணி தள்ளி இருக்கிறார் என்பது. +0000 என்றிருந்தால் நம்பிவிடாதீர்கள், சர்வரே அப்படி எழுதியிருக்கலாம். Schedule send-இல் நீங்கள் வைப்பது உங்கள் ஊர் நேரம், மாற்றிக் கணக்குப் போடுங்கள். மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் சில நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். வெள்ளி, சனி விடுமுறை உள்ள நாடு என்றால் அங்கே ஞாயிறுதான் குவியல் நாள்.

என் மேலாளர் கீழேயிருந்து, பழைய மெயிலிலிருந்துதான் படித்துக்கொண்டு வருவார். அவருக்கு?

அப்படிப்பட்டவரிடம் இந்தக் கணக்கு தலைகீழ். முந்தின நாள் மாலை அனுப்பிப் பார்க்கச் சொல்வேன், ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்டவருடன் வேலை செய்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று, நேரம் குறித்துவைத்த மெயில் தானாக நிற்காது. ஒருமுறை நான் காலைக்கு வைத்துவிட்டுத் தூங்கினேன். இரவிலேயே அவர் விரிவாகப் பதில் எழுதிவிட்டார். காலையில் "பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்று என் மெயில் போய் நின்றது. அன்றிலிருந்து, போவதற்குப் பத்து நிமிடம் முன் Scheduled பெட்டியை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.