330 ரேக்கா, 350 ரேக்கா? பைப் அடுக்கும் தொட்டியில் 20 மி.மீ. செய்யும் வேலை

கேள்வி: பைப் கடை வைத்திருக்கிறேன். 4 இன்ச் ஜி.ஐ. பைப், பி கிளாஸ், 6 மீட்டர் நீளம். இதை அடுக்கி வைக்க மேலே திறந்த தொட்டி மாதிரி ஒரு ரேக் வாங்க வேண்டும். பட்டறையில் உள்ளகலம் 330 மி.மீ. உள்ள ரேக் தயாராக இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு கால், 40-க்கு 6 பிளாட்டில் நிறுத்தி, நடுவில் மெல்லிய தகடு அடித்திருக்கிறார்கள். 350 அகலம் வேண்டுமென்றால் புதிதாகச் செய்ய வேண்டும், கூடுதல் பணம் ஆகும் என்கிறார் பட்டறைக்காரர். “எடை எல்லாம் அடியிலதானே இறங்குது, பக்கத்துக்கு என்ன வந்துடப் போகுது?” என்றும் சொல்கிறார். ஐந்து பைப் வைப்பேன். 330-ஐயே வாங்கிவிடலாமா?
— பைப் கடைக்காரர், திருச்செங்கோடு

பதில்: வாங்க வேண்டாம். கூடுதல் பணம் கொடுத்து 350-ஐச் செய்து வாங்குங்கள். பட்டறைக்காரர் சொல்வதில் பாதி சரி. எடை முழுவதும் அடியில்தான் இறங்குகிறது. ஆனால் அது இறங்கும் வழியில் பக்கச் சுவரையும் தள்ளிக்கொண்டுதான் இறங்குகிறது. எவ்வளவு தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது ரேக்கின் அகலம்.

முதலில் இந்த 330 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பி.வி.சி.யில் நாம் 4 இன்ச் என்று சொல்லும் பைப்பின் வெளிவிட்டம் 110 மி.மீ. மூன்றை வரிசையாக வைத்தால் சரியாக 330. அந்த ரேக் பி.வி.சி. பைப்புக்கு அளவெடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் 4 இன்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டமோ 114.3 மி.மீ. மூன்று வைக்க 343 மி.மீ. வேண்டும். 13 மி.மீ. குறைவதால் மூன்றாவது பைப் தரையில் உட்காராது. சுவரோரமாகக் கிடக்கும் இரண்டு பைப்புக்கும் நடுவில் ஆப்பு இறங்குவது போல இறங்கி, தொங்கி நிற்கும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இனி கணக்கு. பி கிளாஸில் இந்த பைப் மீட்டருக்குச் சுமார் 12.2 கிலோ, ஆக ஒரு லெங்த் 73 கிலோ. பைப் வழுவழுப்பானது, உராய்வு எதையும் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பைப் இன்னொன்றைத் தொடும் இடத்தில் விசை இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோட்டில்தான் போகும். சுவர் பைப்பை நேர் கிடையாகத்தான் தள்ளும், தரை நேர் மேலாகத்தான் தாங்கும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும். எப்போதும் மேலே இருக்கும் பைப்பிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். மேல் பைப்பைத் தாங்குபவை எவை என்பது பார்த்ததுமே தெரியும். கீழ் பைப்பில் தொடங்கினால் தெரியாத விசைகள் ஒரே நேரத்தில் நான்கைந்து வந்து நிற்கும்.

330 ரேக்கில் முதல் மூன்று பைப்பை எடுத்துக்கொள்வோம். கீழே சுவரோரம் கிடக்கும் இரண்டின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 330-இல் 114.3 போக 215.7 மி.மீ. நடு பைப் அதற்குச் சரிபாதியில் இருக்கிறது. ஆக, பக்கவாட்டில் ஒவ்வொரு பைப்பிலிருந்தும் அதற்கு 108 மி.மீ. மையத்துக்கு மையம் சாய்வாக 114.3. பிதாகரஸ் விதிப்படி பார்த்தால் உயரம் வெறும் 38 மி.மீ.தான் வருகிறது. நடு பைப்பின் 73 கிலோவை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக, 36.5 கிலோ வீதம் தாங்க வேண்டும். அந்த 36.5 கிலோவை 38 மி.மீ. உயரமும் 108 மி.மீ. பக்கவாட்டுத் தூரமும் உள்ள கோட்டின் வழியே அனுப்பினால், பக்கவாட்டுத் தள்ளு 36.5-ஐ 108-ஆல் பெருக்கி 38-ஆல் வகுத்தது. சுமார் 104 கிலோ. ஒரு பைப்பின் எடையைவிட அதிகமான தள்ளு ஒவ்வொரு சுவர் மேலும் விழுகிறது. பைப்பும் பைப்பும் தொடும் இடத்தில் விசை 110 கிலோ.

உங்கள் நான்காவது, ஐந்தாவது பைப் இந்த ரேக்கில் எங்கே உட்காரும்? சுவரைத் தொடாது. சுவரோர பைப்புக்கும் நடு பைப்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக உட்காரும். எடையில் பெரும்பகுதி நேராகக் கீழே சுவரோர பைப்புக்குப் போய்விடும். ஒரு பங்கு மட்டும் நடு பைப்பை இன்னும் அழுத்தும். அந்தச் சின்னப் பங்குகூடச் சாய்வு குறைந்த கோட்டில் இறங்குவதால் பெரிதாகிவிடுகிறது. ஐந்து பைப்பையும் வைத்து முடித்ததும் ஒவ்வொரு சுவரிலும் தள்ளு 145 கிலோ ஆகிறது.

இப்போது அதே ஐந்து பைப்பை 350 ரேக்கில் வையுங்கள். மூன்று தரையில் உட்காரும், 7 மி.மீ. இடைவெளி மிஞ்சும். வெறும் மூன்று இருக்கும்போது சுவரில் தள்ளு எதுவும் இல்லை. மேலே இரண்டைப் பள்ளங்களில் வைத்ததும் ஓரத்தில் இருப்பவை சுவர் வரை விலகி நிற்கும், இடைவெளி 3.5 வீதம் பிரிந்துவிடும். மேல் பைப் பக்கவாட்டில் 59 மி.மீ., உயரத்தில் 98 மி.மீ. நல்ல செங்குத்தான கோடு. 36.5-ஐ 59-ஆல் பெருக்கி 98-ஆல் வகுத்தால் 22 கிலோ. நடுவில் கிடக்கும் பைப்பை இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதால் அது அசையாது.

பைப்பும் எண்ணிக்கையும் மாறவில்லை. 330-இல் 145 கிலோ, 350-இல் 22 கிலோ. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த வித்தியாசத்துக்குத்தான்.

அந்த 145 கிலோவை உங்கள் ரேக் தாங்குமா? ஒரு பக்கத்துக்கு இரண்டு கால், ஆக ஒரு காலுக்கு 72 கிலோ வருகிறது. அது தரையிலிருந்து 57 மி.மீ. உயரத்தில், அதாவது பைப்பின் நடுமட்டத்தில் தள்ளுகிறது. 40-க்கு 6 பிளாட்டின் அகலமான முகம் பைப்பைப் பார்த்து நிற்கும்போது வளைவை எதிர்ப்பது அந்த 6 மி.மீ. கனம்தான். சாதாரண இரும்பில் அந்த உயரத்தில் சுமார் 107 கிலோ தள்ளினால் காலின் அடி நிரந்தரமாக வளையத் தொடங்கும். 72 என்பது அதற்குள் அடங்குகிறதே என்று நினைக்கலாம். மெதுவாக இறக்கி வைத்தால் அடங்கும். பைப்பைக் கையிலிருந்து சட்டென்று விட்டால் அந்த நொடியில் தள்ளு இதைவிடக் கூடும், 107-ஐத் தாண்டவும் செய்யலாம். வெல்டிங் முழு நீளத்துக்கு ஓடாமல் புள்ளி வைத்ததாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போகும்.

ஆப்பு மாதிரி இறங்கும் அமைப்பில் இன்னொரு தொல்லை உண்டு. கால் கொஞ்சம் விரிந்தால் நடு பைப் இன்னும் கீழே இறங்கும், கோடு இன்னும் படுத்துக்கொள்ளும், தள்ளு இன்னும் கூடும். உள்ளகலம் 330-லிருந்து 340 ஆனால், வெறும் மூன்று பைப்புக்கே 104 கிலோ என்பது 227 கிலோ ஆகிவிடும். வளைய ஆரம்பித்த கால் அதோடு நிற்காமல் மேலும் மேலும் விரிவது இதனால்தான்.

உராய்வை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். உண்மையில் கொஞ்சம் உராய்வு இருக்கும், தள்ளு நான் சொன்னதைவிடக் குறையவும் செய்யும். ஆனால் ஜி.ஐ. பைப்பில் மழை ஈரம், மரையில் தடவிய எண்ணெய், வாசலில் லாரி போகும் அதிர்வு எல்லாம் சேர்ந்தால் அதை நம்ப முடியாது. வாங்குகிறவர் உராய்வு இல்லை என்று வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

கடையில் நின்றுகொண்டே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். தரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு பைப்பின் உச்சியைவிட, அவற்றுக்கு நடுவே மேலே உட்காரும் பைப்பின் உச்சி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டேப்பில் அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே விட்டம் என்பதால் உச்சிக்கு உச்சி உள்ள உயரமும் மையத்துக்கு மையம் உள்ள உயரமும் ஒன்றேதான். 4 இன்ச் ஜி.ஐ.க்கு அது 95-க்கு மேல் இருந்தால் நல்லது. 50-க்குக் கீழே வந்தால் அந்த அகலம் உங்களுக்கு ஆகாது.

அகலம் கூடினால் நல்லதுதானே என்று 440-க்கும் போய்விடாதீர்கள். நான்கு பைப்புக்கு 457 வேண்டும், 440-இல் நான்காவது பைப் அதே மாதிரி ஆப்பாகத் தொங்கும். விட்டத்தின் முழு மடங்கு, கூட 5 முதல் 8 மி.மீ. வரை என்று சொல்லிச் செய்யுங்கள்.

கேள்வி: சரி, 350-இல் மூன்றாவது அடுக்கும் ஏற்றி எட்டாக வைக்கலாமா? இடம் மிச்சமாகுமே.

பதில்: இந்த பிளாட் காலில் வைக்க வேண்டாம். மூன்றாவது அடுக்கில் ஓரத்தில் இருக்கும் பைப்புக்கு ஒரு பக்கம் பைப், மறுபக்கம் சுவர்தான். அதன் எடை முழுவதும் ஒரே கோட்டில் இறங்குவதால் அந்த இடத்தில் சுவரை 44 கிலோ தள்ளும். கீழ் அடுக்கில் இருந்த 22-உம் 44 ஆகிவிடும். கூட்டினால் 88 கிலோதான், 145-ஐவிடக் குறைவு. ஆனால் மேல் தள்ளு தரையிலிருந்து 253 மி.மீ. உயரத்தில் விழுகிறது. உயரம் நெம்புகோலாக வேலை செய்யும். காலின் அடியில் பார்த்தால் அது ஒவ்வொரு காலுக்கும் 57 மி.மீ. உயரத்தில் 119 கிலோ தள்ளுவதற்குச் சமம். மெதுவாக இறக்கி வைத்தாலும் வளைவு எல்லையான 107-ஐத் தாண்டிவிட்டது.

எட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் காலை 40-க்கு 40, 5 மி.மீ. ஆங்கிளில் போடச் சொல்லுங்கள். வளைவைத் தாங்கும் திறன் அந்த பிளாட்டைப் போலச் சுமார் 8 மடங்கு, விலையில் அந்த அளவு வித்தியாசம் வராது. காலின் அடியில் வெல்டிங் சுற்றிலும் முழுதாக ஓட வேண்டும், அடிச் சட்டமும் அதற்கு ஈடாகக் கனமாக இருக்க வேண்டும். அப்புறம் ஜி.ஐ. பைப் ஒரு முனையில் சாக்கெட்டோடு வரும். அதன் விட்டம் பைப்பைவிடப் பெரியது. சாக்கெட் முனை காலுக்கு நேராக விழுந்தால் நான் சொன்ன 7 மி.மீ. இடைவெளி அங்கே இருக்காது. கால்களைப் பைப்பின் முனையிலிருந்து ஒரு அடியாவது உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போது சாக்கெட் முனைகளை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.