கேட்லாக்கில் மூலிகை எண்ணெய் ஏன் நிராகரிக்கப்படுகிறது?

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கில் போட்ட மூலிகைக் கூந்தல் எண்ணெய் ரிஜெக்ட் ஆகிறது. விவரத்தைத் திருத்தியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விவரத்தை மாற்றியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். பாட்டில் லேபிளில் "பொடுகை ஒழிக்கும்" என்றோ, எண்ணெய் தடவுவதற்கு முன், தடவிய பின் எனக் காட்டும் வழுக்கைத் தலைப் படமோ இருந்தால், எழுத்து சுத்தமாக இருந்தும் பொருள் நிற்காது.

மெட்டாவின் வணிகக் கொள்கை மருத்துவப் பொருள்களை விற்க விடுவதில்லை. நோயின் பெயரும் "குணமாக்கும்", "தடுக்கும்" போன்ற வினையும் சேர்ந்தால் எண்ணெயும் மருந்தாகத் தெரியும். உதாரணமாக:

"முடி உதிர்வை 30 நாளில் நிறுத்தும், பொடுகைக் குணமாக்கும் மூலிகைத் தைலம்."

இதை இப்படி மாற்றலாம்:

"கூந்தல் எண்ணெய், 200 மி.லி. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் சேர்த்துக் காய்ச்சியது. குளிப்பதற்கு முன் தலையில் தடவவும். வெளிப்பூச்சுக்கு மட்டும்."

பலனைச் சொல்லாமல், என்ன பொருள், எப்படிச் செய்தது, எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் எழுதினால் போதும். "தைலம்" என்ற சொல்லும் மருந்து வாடை அடிப்பதால் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பெயர், விவரம், படம், இணைப்பு நான்கையும் ஒரே தடவையில் திருத்திச் சேமித்துவிட்டு, அதன் பிறகே மறுபரிசீலனை கேளுங்கள். திருத்தாமல் கேட்டால் அதே பதில்தான் வரும்.

சர்க்கரை நோய்க்கென விற்கும் நாவல் கொட்டைப் பொடியை இப்படிக் காப்பாற்ற முடியாது. அங்கே சிக்கல் சொல்லில் இல்லை, பொருளின் நோக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து என விளம்பரம் செய்வதை இந்தியாவின் 1954ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டமும் தடுக்கிறது. அதைக் கேட்லாக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.