மாடிக்கு வைஃபை வரவில்லை: எந்தப் பெட்டி வாங்குவது?

"ஃபைபர் இணைப்பு கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறையில் சிக்னல் இல்லை. கடைக்காரர் மோடம், ரவுட்டர் இரண்டும் வாங்கச் சொல்கிறார். எது தேவை?"

மோடம் வேண்டவே வேண்டாம். அது தொலைபேசிக் கம்பியிலோ கேபிள் டிவி ஒயரிலோ வரும் இணையத்துக்கானது. ஹாலில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். பச்சை முனையுள்ள மெல்லிய ஒயர் செருகி, PON என்ற விளக்கு எரிந்தால் அதுதான் ஆப்டிகல் டெர்மினல். ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. அந்த ஒயரை மடக்காதீர்கள், உள்ளே கண்ணாடி இழை.

உங்கள் பெட்டி வைஃபையும் தருவதால், பெரும்பாலும் ரவுட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ரவுட்டர்தான். வீட்டுக்கு ஒன்று போதும்.

உங்களுக்குக் குறைவது மாடியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. ஹால் பெட்டியின் LAN துளையிலிருந்து கேட்6 கேபிளை மேலே இழுத்து அதில் செருகுங்கள். கடையில் ரவுட்டர்தான் கிடைத்தால், Access Point Mode உள்ளதாகப் பார்த்து வாங்கி, அதை மறக்காமல் போடுங்கள். என் அக்கா வீட்டில் அதைப் போடவில்லை. கீழே போனின் முகவரி 192.168.1.5, மாடியில் 192.168.0.5. இணையம் வந்தது, ஆனால் கீழே இருந்த போனுக்கு மாடிப் பிரின்டர் தெரியவே இல்லை. இரண்டு ரவுட்டர்கள், இரண்டு தனி வலைகள்.

மாடியில் டிவி, கணினிக்கும் கேபிள் கொடுக்கத் துளை போதாவிட்டால் மட்டும் ஒரு LAN கேபிளைப் பலவாகப் பிரிக்கும் 5 துளை நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்குங்கள். அதில் வைஃபை வராது.