படிப்புக்கு நீலம், கோபத்துக்கு ரோஸ்: எதை நம்பிப் பெயிண்ட் அடிப்பது?

“வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். சித்தூரிலிருந்து வந்த கலர் கன்சல்டன்ட், எட்டாவது படிக்கும் பையன் அறைக்கு அடர்நீலம் அடித்தால் படிப்பு ஏறும், அறையும் குளுகுளுவென்று இருக்கும் என்கிறார். எங்கள் அறைக்கு ரோஸ் அடித்தால் வீட்டுக்காரருக்குக் கோபம் குறையுமாம். ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார். பையன் அறை 10க்கு 12, ஒரே ஜன்னல், மேலே மொட்டை மாடி. என்ன செய்யலாம்?”
வாசகி, பள்ளிப்பட்டு

முதலில் அந்தக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அவர் சொல்கிற விதத்தில் நிரூபணமானதில்லை.

ரோஸ் விஷயத்துக்கு ஒரு மூலக்கதை உண்டு. 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கடற்படைச் சிறையில் அறைகளுக்கு ரோஸ் அடித்துப் பார்த்தார்கள். கைதிகள் சாதுவாகிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. ஆனால் வேறு நிறம் அடித்த அறைகளோடு ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2015இல் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் அப்படி ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் ரோஸ் அறைக்கும் மற்ற அறைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பழைய செய்தி மட்டும் இன்னும் ஷேடு கார்டுகளில் உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு ரோஸ் பிடித்திருந்தால் வெளிர் ரோஸ் அடியுங்கள், மருந்தாக நினைத்து அடிக்க வேண்டாம்.

படிப்புக்கு நீலம் என்பதும் இப்படித்தான். நீலம் கற்பனையைத் தூண்டுகிறது என்று 2009இல் வந்த ஆய்வில் நிறம் இருந்தது கம்ப்யூட்டர் திரையின் பின்னணியில். அறைச் சுவர் அதில் இல்லவே இல்லை. அதன் ஒரு பகுதியை 2014இல் வேறொருவர் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று பல நாட்டுக்காரர்களும் சொல்வது உண்மைதான். அது அந்த நிறத்தைப் பார்த்தால் மனதில் என்ன தோன்றுகிறது என்பதற்கான பதில். அந்த நிற அறையில் நாலு மாதம் குடியிருந்தவருக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

சுவர் நிறத்தால் நிச்சயமாக மாறுவது வெளிச்சம். ஒவ்வொரு ஷேடும் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. கடையில் ‘எல்.ஆர்.வி. என்ன?’ என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பனித்துளி’, ‘காதல் மாலை’ என்று பெயர் அச்சிடத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு எண்ணை எல்லாக் கார்டிலும் அச்சிட மனம் வருவதில்லை.

உங்கள் பையன் அறையையே கணக்குப் போடுவோம். சுவர் உயரம் 10 அடி என்றால், கதவு ஜன்னல் போகச் சுமார் 390 சதுர அடி. வெள்ளை மேல்தளம் 120, டைல்ஸ் தரை 120. சுவருக்கு 75 சதவீதம் திருப்பும் வெளிர் க்ரீம் அடித்தால், மேல்தளத்துக்கு 80, தரைக்கு 40 என்று வைத்தால், மொத்த அறையின் சராசரி 69. அறைக்குள் 100 பங்கு ஒளி வந்தால், முதல் மோதலில் 69 திரும்பும், அடுத்ததில் 48, பிறகு 33. முதலில் வந்த 100ஐயும் சேர்த்து இப்படியே கூட்டினால் சுமார் 320 பங்கு வெளிச்சம் அறைக்குள் உலவும். அதே சுவருக்கு 25 சதவீதமே திருப்பும் அடர்நீலம் அடித்தால் சராசரி 38 ஆகிவிடும். கூட்டினால் 160. அதே ஜன்னல், அதே டியூப்லைட், வெளிச்சம் மட்டும் பாதி. படிப்புக்கென்று அடித்த நீலம் படிக்கிற பையன் கண்ணுக்குத்தான் எதிரி.

பையனுக்கு நீலம் பிடிக்கும் என்றால் 10 அடிச் சுவர் ஒன்றில் மட்டும் அடியுங்கள், வெளிச்சம் 260க்கு அருகில் நிற்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், வெளியிலிருந்து வரும் ஒளியை அதுதான் முதலில் வாங்கித் திருப்புகிறது. ஜன்னல் இருக்கும் சுவரும் வேண்டாம், இருட்டுச் சுவர் நடுவில் பளீரென்ற ஜன்னல் கண்ணைக் கூசும். மேசையை ஒட்டாத பக்கச் சுவர்தான் சரி. மேல்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும். வெளிர்நிற மேல்தளம் உயரமாகத் தோன்றும் என்பது ஆய்வில் நின்ற விஷயம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள், மேசைமேல் குறைந்தது 300 லக்ஸ் வேண்டும். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுப் புத்தகம் வைக்கும் இடத்தில் பாருங்கள். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், ஆனால் 120 காட்டினால் சந்தேகமே வேண்டாம், விளக்குப் போதவில்லை.

இனி குளிர்ச்சி. நீல அறை குளிரும் என்பது நினைப்பு மட்டும். சிவப்பு, நீலக் கண்ணாடி மாட்டி ஆட்களை உட்காரவைத்து 1972இல் சோதித்தபோதே, உடல் உணரும் சூட்டில் வித்தியாசம் வரவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, உங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் முக்கியம். நிறம் வீட்டின் வெளிப்பக்கம் இருந்தால் சூடு நிஜமாகவே குறையும். மனதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். மொட்டை மாடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாசியும் தூசும் போகக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலை அடையுங்கள். சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, பசை சேர்த்து இரண்டு கை அடியுங்கள். முதல் கை காய்ந்த பிறகே இரண்டாவது. பொடி கையில் ஒட்டினால் பசை போதவில்லை. தூசு படிந்து பழுப்பேறினால் பலன் போய்விடும், ஆகவே ஒவ்வொரு கோடைக்கு முன்னும் திரும்ப அடிக்க வேண்டும். பையன் அறைக்கு மேலே மொட்டை மாடி என்பதால் இது உதவும். கீழ்த்தள அறைக்கு, மேலே இன்னொரு அறை இருந்தால், காசு வீண். ‘அறைக்குள் மேல்தளத்துக்குக் கூலிங் பெயிண்ட்’ என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்புங்கள். தளம் சூடேறிய பிறகு உள்ளே வெள்ளை அடித்து என்ன பயன்?

கன்சல்டன்ட்டும் பெயிண்டரும் ஏன் அடர்நிறத்தையே தள்ளுகிறார்கள் தெரியுமா? பல அடர் ஷேடுகளுக்கு விலை கூடுதல். சிவப்பும் அடர்மஞ்சளும் பழைய சுவரைச் சீக்கிரம் மறைக்காது, மூன்று நாலு கை போகும். பல கம்பெனி வாளிகளுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வேறு இருக்கிறது, வாளி கூடினால் அவருக்கு வரவும் கூடும். நாளைக்கு வெளிர்நிறத்துக்குத் திரும்ப நினைத்தால் மறுபடி பிரைமர். கூலியைச் சதுர அடிக்கு இத்தனை, இத்தனை கை என்று எழுதி வாங்குங்கள். பெயிண்ட்டை நீங்களே வாங்கி, ஷேடு எண்ணைக் குறித்து வையுங்கள்.

கார்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றில் ஏற்றுவதால், அறையில் அது கார்டில் இருப்பதைவிட அடர்ந்து தெரியும். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கை அடித்து, மேசைக்கு அருகில் சாய்த்துவைத்துக் காலை எட்டு மணிக்கும், மதியமும், இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள். இரவில் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால், கார்டில் அதைவிட ஒரு கட்டம் வெளிரான ஷேடை எடுங்கள்.