வேர்க்கடலையை ஒரு வயது வரை தள்ளிப்போடலாமா?

"என் மகளுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. கன்னத்தில் லேசான கரப்பான் இருக்கிறது. குடல் பக்குவப்படாததால் ஒரு வயது வரை முட்டை, வேர்க்கடலை கூடாது என்கிறார் மாமியார். டாக்டரோ இப்போதே தொடங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"
- வாசகி, கும்பகோணம்

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மாமியார் சொல்வதும் அவராகக் கட்டிய கதை அல்ல. 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே, அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும் வேர்க்கடலையை மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. 2008-ல் அந்த அறிவுரையைக் கைவிட்டது.

பிறந்த புதிதில் குடல் சுவர் வழியாக முழுசாகச் செரிக்காத புரதமும் உள்ளே போகும் என்பது உண்மைதான். ஆனால் முதல் சில மாதங்களிலேயே சுவர் இறுகிவிடுகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதி ஆறு மாதத்திலும் குறைவுதான். அதனால்தான் குழைய வேகவைத்து, கொஞ்சமாகத் தொடங்குகிறோம்.

உண்மையான சிக்கல் தோலில் இருக்கிறது. கரப்பானால் வெடித்த தோல் வழியாக, வீட்டுத் தூசியிலும் கைகளிலும் இருக்கும் கடலைப் புரதம் உள்ளே போனால், உடல் அதை எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது. அதே புரதம் வாய் வழியாகக் குடலுக்குப் போனால் உணவு என்று ஏற்கப் பழகுகிறது. தள்ளிப்போட்டால் தோல் முந்திக்கொள்ளும். லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி இருந்தது. சிறுவயதிலிருந்தே தின்றவர்களில் 3 சதவீதம்தான்.

சரி, எப்படிக் கொடுப்பது? முதலில் கஞ்சி, பருப்பு சாதம் என்று சில நாள் சாப்பிடப் பழகட்டும். அப்புறம் குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாள் காலையில், வறுத்த கடலையை மழமழவென்று அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, ஸ்பூன் நுனியளவு கொடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் மீதியை மெதுவாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். ஒத்துக்கொண்டால் இரண்டு டீஸ்பூன் விழுது, வாரம் மூன்று முறை. இடையில் நிறுத்திவிடாதீர்கள், தொடர்ந்து கொடுப்பதுதான் பலன் தரும். முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். முட்டையை வேறொரு நாளில், மஞ்சள் கரு, வெள்ளைக் கரு இரண்டும் நன்றாக வெந்த பிறகே கொடுங்கள்.

வாயைச் சுற்றி உணவு பட்ட இடம் மட்டும் சிவந்து மறைந்தால் பெரும்பாலும் பயமில்லை. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி என்றால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். இழுப்பு வந்தாலோ, துவண்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கரப்பான் உடம்பெல்லாம் பரவி, மருந்துக்கும் அடங்காமல் இருந்தால், அலர்ஜி பரிசோதனை முடியும்வரை வீட்டில் கடலை தொடங்க வேண்டாம்.